பன்னிரண்டு முறை சுழன்றும் நகராத பட்டியல்

ஐந்து எண்கள் கொண்ட பட்டியலை வலப்பக்கம் இரண்டு இடம் சுழற்ற வேண்டும். கடைசி இரண்டும் முன்னே வர, மற்றவை பின்னே நகரும். பைத்தானில் இதைத் துண்டு வெட்டி ஒட்டியே செய்துவிடலாம்.

```
a = [10, 20, 30, 40, 50]
k = 2
b = a[-k:] + a[:-k]
```

முதல் துண்டு 40, 50. அடுத்தது 10, 20, 30. ஒட்டினால் விடை தயார்.

இப்போது k-க்கு 12 கொடுங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் மட்டும் அப்படியே நிற்கும். இதுதான் வில்லங்கம். இல்லாத இடத்தை எண்ணால் கேட்டால் பைத்தான் சண்டைக்கு வரும். துண்டாகக் கேட்டால் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனால் a[-12:] முழுப் பட்டியலையும் தர, a[:-12] காலியாக வருகிறது.

ஐந்து இடம் சுழன்றால் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். பன்னிரண்டில் இப்படி இரண்டு முழுச் சுற்றுகள் வீண். மிஞ்சுவது 2 தான். வெட்டுவதற்கு முன்பே அந்த மீதியை எடுத்துவிட வேண்டும்:

```
k = k % len(a)
```

மீதி பூஜ்யமானால்? a[-0:] என்பது a[0:] தான், அதாவது முழுப் பட்டியல், a[:-0] காலி. விடை சரியாகவே அமைகிறது, கொஞ்சம் அதிர்ஷ்டம்தான். k எதிர்ம எண்ணானாலும் கவலையில்லை: பைத்தானில் -1 % 5 என்பது 4. நான்கு இடம் வலப்பக்கம் போவதும் ஓரிடம் இடப்பக்கம் போவதும் ஒன்றே. சி மொழியில் அதே கணக்கு -1 என்றே வரும். அங்கே நீளத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காலிப் பட்டியலை மட்டும் முன்கூட்டியே விலக்கிவிடுங்கள். அதன் நீளம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் நிரல் நின்றுவிடும்.