படத்துக்குக் கீழே நாலு வரி

பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் மினார், நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பை 1869இல் ஒரே வரைபடமாக்கினார். 4,22,000 பேருடன் புறப்பட்ட படை, மாஸ்கோவை எட்டும்போது 1,00,000 ஆகிவிடுகிறது. திரும்பி வந்தவர்கள் 10,000 பேர். அகன்ற பட்டை நூலாக மெலியும் அந்தப் படம் உலகப் புகழ்பெற்றது. ஆனால் அதோடு மினார் எழுதிவைத்த குறிப்பும் படத்துக்கு இணையாகப் போற்றத்தக்கது.

பட்டையின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 10,000 வீரர்கள். ரஷ்யாவுக்குள் போனவர்களுக்குச் சிவப்பு, வெளியேறியவர்களுக்குக் கறுப்பு. தகவல் எடுத்த நூலாசிரியர்கள் இன்னின்னார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறார்: வழியில் பிரிந்துபோய்ப் பிறகு சேர்ந்துகொண்ட படைப்பிரிவுகளை, எப்போதும் உடன் நடந்ததாகவே வரைந்திருக்கிறேன் என்று. வேறெந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் படத்தைப் படிக்கலாம். எந்த இடத்தில் அதை அப்படியே நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடுகிறது.

இன்றைய ஆய்வேடுகளில் பல படக்குறிப்புகள் இந்த உதவியைச் செய்வதில்லை. ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் மேலும் கீழும் நீளும் ஒரு மெல்லிய கோடு. கீழே, 'படம் 2: மண்புழு உரத்தின் விளைவு'. என்ன விளைவு, எந்தச் செடியில், எத்தனை நாளில்? எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாகத் தேட வேண்டும்.

மாற்றி எழுதினால்: 'படம் 2: மண்புழு உரம் இட்ட தக்காளிச் செடிகள், உரமிடாதவற்றைவிட 30 நாளில் சராசரியாக 8 செ.மீ. உயரமாக வளர்ந்தன. பட்டை சராசரி உயரத்தையும், கோடு திட்ட விலக்கத்தையும் காட்டுகின்றன. ஒவ்வொரு குழுவிலும் 25 செடிகள்.' முதல் வாக்கியம் முடிவைச் சொல்கிறது. மற்றவை படத்தைப் படிக்கும் வழியைச் சொல்கின்றன.

இதில் அதிகம் விடுபடுவது அந்த மெல்லிய கோட்டின் பொருள்தான். விடுபட்டால் வாசகர் ஏமாந்தே போவார். செடிகளின் உயரத்தில் திட்ட விலக்கம் 10 செ.மீ. என்று கொள்வோம். செடிக்குச் செடி உயரம் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு அது. சராசரி எவ்வளவு துல்லியமானது என்று காட்டும் திட்டப் பிழையோ, 10ஐ 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுக்க, 2 செ.மீ.தான். தரவு ஒன்றே, கோடு மட்டும் ஐந்தில் ஒரு பங்காகக் குறுகிவிடுகிறது. திட்ட விலக்கத்தை வரைந்தால் இரு பட்டைகளின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். திட்டப் பிழையை வரைந்தால் இடையில் தெளிவான இடைவெளி விழும். எது வரையப்பட்டிருக்கிறது என்று படத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அட்டவணையில் இதே சிக்கல் வெற்றுக் கட்டங்களில் வருகிறது. காலியாக இருப்பது பூஜ்யமா, அளக்கவே இல்லையா? 'கோடு: அளக்கப்படவில்லை' என்று அட்டவணையின் அடியில் ஒரு வரி போதும். '60 விழுக்காடு' என்றால் எத்தனை பேரில் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும்.

அதற்காக ஆய்வு முறை முழுவதையும் குறிப்பில் திணிக்க வேண்டியதில்லை. எந்த மண், எந்தத் தொட்டி, எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் கட்டுரைக்கு உரியவை. படத்தை மறைத்துவிட்டு, குறிப்பை மட்டும் அந்தத் துறை சாராத ஒருவரிடம் காட்டி, என்ன தெரியவந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். 'உரம் போட்ட செடி உயரமாக வளர்ந்ததாம்' என்று அவர் சொல்லிவிட்டால், குறிப்பில் சேர்க்க வேறொன்றும் இல்லை.