மா, ஏர்ஸ், சென்ட்: நாலு பத்திரத்து நிலத்தைக் கூட்டுவது எப்படி?

தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களில் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தால் முதலில் பத்திரக் கட்டைத்தான் பிரிப்பார்கள். தாத்தா காலத்து கிரயப் பத்திரத்தில் நிலம் ஏக்கர், சென்ட்டில் இருக்கும். அதற்கும் முந்தைய ஒன்றில் மா, குழி என்று எழுதியிருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். ஊருக்குள் வாங்கிய மனை சதுர அடியில். “மொத்தம் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். கூட்டத் தெரியாததால் அல்ல, வெவ்வேறு அளவுகளை அப்படியே கூட்டப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். எல்லாவற்றையும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், மிச்சம் பள்ளிக்கூடக் கூட்டல்தான்.

எந்த அளவுக்குக் கொண்டுவருவது? தமிழ்நாட்டில் சென்ட் வசதியானது. விலை பேசுவது பெரும்பாலும் அதில்தான். நூறு சென்ட் ஒரு ஏக்கர் என்பதால், கடைசியில் ஏக்கராக மாற்றுவதும் எளிது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மறக்காது. ஆங்கிலேயர் காலத்து நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. 66 அடிக்கு 66 அடி சதுரம் 4,356 சதுர அடி. அது பத்து சென்ட். அப்படிப் பத்துச் சதுரங்கள் சேர்ந்தால் 43,560 சதுர அடி, அதாவது ஒரு ஏக்கர்.

எடுத்துக்காட்டுக்கு, ஒரு குடும்பத்திடம் நான்கு துண்டு நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, 1 ஏக்கர் 7 சென்ட். இரண்டு, 2 மா 45 குழி. மூன்று, பட்டாவில் 0-36.50 என்று இருக்கும் வயல். நான்கு, 40-க்கு 60 மனை.

முதல் துண்டு எளிதாகத் தெரியும். ஆனால் பலர் சறுக்குவது இங்கேதான். 1 ஏக்கர் 7 சென்ட்டைக் கால்குலேட்டரில் 1.7 என்று தட்டிவிடுகிறார்கள். அது 1 ஏக்கர் 70 சென்ட். ஒரே ஒரு பூஜ்யம் விட்டுப்போனதில், இல்லாத 63 சென்ட் நிலம் கணக்கில் ஏறிவிடுகிறது. 1.07 என்று எழுத வேண்டும். அதைவிட, ஏக்கரை நூறால் பெருக்கிச் சென்ட்டைச் சேர்த்து 107 சென்ட் என்று எழுதிவிட்டால் புள்ளிக்கே வேலையில்லை.

இரண்டாவது துண்டுதான் நிதானம் கேட்பது. தஞ்சைக் கணக்கில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பன்னிரண்டு அடிக் கோலால் அளந்த குழி 12-க்கு 12, அதாவது 144 சதுர அடி. 2 மா 45 குழி என்பது 245 குழி. அதை 144-ஆல் பெருக்கினால் 35,280 சதுர அடி. 435.6-ஆல் வகுத்தால் 80.99 சென்ட்.

“மூணு மா ஒரு ஏக்கர்” என்பது ஊரில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வாய்ப்பேச்சுக்கு அது போதும். உண்மையில் மூன்று மா 43,200 சதுர அடிதான். ஏக்கருக்கு 360 சதுர அடி குறைவு. ஊர்க் கணக்கில் போட்டால் நம் இரண்டாவது துண்டு 81.67 சென்ட் ஆகிவிடும். சரியான கணக்கைவிட 294 சதுர அடி அதிகம். ஒரு வேலி நிலத்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஐந்தரை சென்ட்டுக்கு மேல் தவறும். பத்திரத்தில் எழுதும்போது இந்தச் சுருக்குவழி ஆகாது.

குழியின் அளவு எல்லா ஊரிலும் ஒன்றல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கோலின் நீளம் மாறினால் குழியும் மாறும். கோல் 16 அடி என்றால் குழி 256 சதுர அடி. ஆகவே பழைய பத்திரத்தில் கோலின் அளவு எழுதியிருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இல்லையென்றால், அதே நிலத்துக்கு இப்போதைய பட்டா காட்டும் பரப்பைக் குழியின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் எந்தக் கோல் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பட்டா. அதில் 0-36.50 என்றால் ஹெக்டேர் பூஜ்யம், 36.50 ஏர்ஸ். நூறு ஏர்ஸ் ஒரு ஹெக்டேர். நூறு சென்ட் ஒரு ஏக்கர். இரண்டிலும் நூறு வருவதால் ஏர்ஸைச் சென்ட் என்றே படித்துவிடுபவர்கள் உண்டு. ஒரு ஏர்ஸ் 2.471 சென்ட். பெருக்கினால் 90.19 சென்ட் வருகிறது. 36 சென்ட் என்று படித்தவர் கணக்கில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

நான்காவது மனை 2,400 சதுர அடி. 435.6-ஆல் வகுத்தால் 5.51 சென்ட்.

இப்போது கூட்டலாம்: 107, 80.99, 90.19, 5.51. மொத்தம் 283.69 சென்ட். நூறு நூறாகப் பிரித்தால் 2 ஏக்கர் 83.69 சென்ட். கடைசி 0.69 சென்ட்டைச் சதுர அடியில் சொன்னால் சுமார் 300.

விடை சரிதானா என்று பார்க்க, அதே நான்கையும் வேறோர் அளவில் கூட்டுங்கள். சதுர அடியில் போட்டால் 46,609, 35,280, 39,288, 2,400 என்று வந்து, மொத்தம் 1,23,577 ஆகிறது. அதை 435.6-ஆல் வகுத்தால் மீண்டும் 283.69. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் பெருக்கலில் பிழையில்லை. இடையில் எண்களை முழுதாக்கிவிடக் கூடாது. சென்ட்டில் இரண்டு தசமமாவது கடைசிவரை வைத்திருக்க வேண்டும்.

இந்த வழி இன்னொன்றுக்கும் உதவும். ஒரே நிலத்தின் பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். நம் முதல் துண்டான 107 சென்ட், பட்டாவில் 43.30 ஏர்ஸ் அளவில் இருக்க வேண்டும். அங்கே 0-43.50 என்று இருந்தால் வித்தியாசம் அரை சென்ட்தான். மெட்ரிக் அளவுக்கு மாற்றும்போது முழுதாக்கியதால் வந்திருக்கக்கூடும். 0-38.00 என்று இருந்தால் 13 சென்ட் குறைகிறது. அது கணக்குப் பிழையாக இருக்காது. உட்பிரிவு எண் வேறொரு பட்டாவில் இருக்கலாம், பாதைக்கோ வாய்க்காலுக்கோ போயிருக்கலாம், அளவையே தவறியிருக்கலாம். அதைப் புலப்படத்தை வைத்து, சர்வேயரைக் கொண்டு அளந்துதான் தீர்க்க முடியும்.

மொத்தம் தெரிந்ததும் அதையே மூன்றால் வகுத்து ஆளுக்கு 94.56 சென்ட் என்று பங்கு போட்டுவிடக் கூடாது. வாய்க்கால் பாயும் நன்செயும், மேட்டுப் புன்செயும், தெருவோர மனையும் சென்ட்டுக்குச் சென்ட் சமமல்ல. பரப்பை வகைவாரியாகத் தனித்தனியே கூட்டி, அந்தந்த மதிப்பைப் போட்டபிறகே பங்கு பேச வேண்டும். பாகப்பத்திரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் மூலப் பத்திரத்தில் உள்ள அளவையும், மாற்றிய சென்ட்டையும், குழி எத்தனை சதுர அடி என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். அடுத்த தலைமுறை கணக்குப் பார்க்கும்போது, நீங்கள் எந்தக் கோலால் அளந்தீர்கள் என்று தேட வேண்டியிருக்காது.