விமர்சகரின் கூற்றை ஏற்பதா, மறுப்பதா?

இங்கிலாந்தின் ஏ-லெவல் ஆங்கில இலக்கியத் தேர்வில் ஒரு வகை வினா உண்டு. விமர்சகர் ஒருவரின் கருத்தை ஓரிரு வரிகளில் கொடுத்துவிட்டு, ‘இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள். விடை ‘ஆம்’ என்றிருந்தாலும் ‘இல்லை’ என்றிருந்தாலும் அதற்காக மதிப்பெண் கூடுவதோ குறைவதோ இல்லை. கூற்று சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதா, நூலில் உள்ள சான்றோடு உரசிப் பார்க்கப்பட்டதா என்பதே கணக்கு.

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வில் வரும் வில்லன் இயாகோவைப் பற்றிக் கவிஞர் கோல்ரிட்ஜ் எழுதிய குறிப்பு இதற்கு நல்ல உதாரணம். நாடகப் பிரதியின் ஓரத்தில், முதல் அங்கத்தின் இறுதியில் இயாகோ தனியே நின்று பேசும் பேச்சுக்குப் பக்கத்தில் அவர் அதை எழுதிவைத்தார். இயாகோவின் கொடுமைக்குக் காரணமே இல்லை, அவன் காரணங்களைத் தேடித் தேடி ஒட்டவைத்துக்கொள்கிறான் என்பது அதன் சாரம்.

பெரும்பாலான விடைகள் சறுக்குவது இங்கேதான். ‘காரணம் இல்லை’ என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, மாணவர் உடனே பட்டியல் போடுவார்: துணைத்தளபதி பதவி தனக்குக் கிடைக்காமல் கேசியோவுக்குப் போனது, மனைவி எமிலியா மீது சந்தேகம், ஒத்தெல்லோ மீது வெறுப்பு. ஆகவே கோல்ரிட்ஜ் சொன்னது தவறு என்று முடித்துவிடுவார். ஆனால் இயாகோ காரணம் சொல்கிறான் என்பதைக் கோல்ரிட்ஜ் மறுக்கவேயில்லை. அவன் சொல்லும் காரணங்கள் உண்மையில் அவனை இயக்குகின்றனவா என்பதே அவர் எழுப்பும் ஐயம். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அதற்குப் பதில் ஆகாது. இன்னும் சொல்லப்போனால், நீள நீள அது கோல்ரிட்ஜுக்கே சாட்சியாகிவிடும்.

எனவே கூற்றை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: இயாகோ காரணம் தேடுகிறான் என்பது ஒன்று, தேடலுக்கு அடியில் காரணம் எதுவும் இல்லை என்பது மற்றொன்று. ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கவும் இடம் உண்டு.

முதல் பாதிக்கு நாடகத்தில் சான்று வலுவாகவே இருக்கிறது. எமிலியாவையும் ஒத்தெல்லோவையும் இணைத்து ஊரில் பேச்சிருப்பதாக இயாகோ சொல்கிறான். அது மெய்யா என்று தனக்குத் தெரியாது, ஆனாலும் மெய்யென்றே கொண்டு செயல்படப்போவதாகவும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறான். இரண்டாம் அங்கத்தில் கேசியோ மீதும் அதே சந்தேகத்தைப் போடுகிறான். மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி முடிவில் அவன் கேட்ட பதவியே கிடைத்துவிடுகிறது. அதன் பிறகும் சதி நிற்பதில்லை. பதவிதான் காரணம் என்றால் அங்கேயே வேகம் தணிந்திருக்க வேண்டாமா? பாதியில் விட்டால் மாட்டிக்கொள்வான் என்று இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம். நல்ல விடை அதையும் எழுதி, எவ்வளவு தூரம் செல்லும் என்று எடைபோடும்.

இரண்டாவது பாதி அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. நான்காம் அங்கத்தில் எமிலியாவே தன் கணவன் முன்பொரு முறை தன்னை ஒத்தெல்லோவோடு சேர்த்துச் சந்தேகப்பட்டதைச் சொல்லிக்காட்டுகிறாள். தனிமொழியில் இயாகோ நொடியில் புனைந்தது போலத் தோன்றிய காரணத்துக்கு இன்னொருவர் வாயால் கிடைக்கும் ஆதாரம் இது. அதைக் கவனிக்கும் விடைகள் குறைவு என்பதாலேயே இந்த ஒரு வரிக்குத் தனி மதிப்பு. ஐந்தாம் அங்கத்தில் கேசியோவைக் கொல்லத் துணியும்போது, அவனுடைய அன்றாட வாழ்வின் அழகு தன்னை அசிங்கமாக்குகிறது என்கிறான் இயாகோ. பதவியும் மனைவியும் அங்கே பேச்சிலேயே இல்லை, வெறும் பொறாமை.

இந்த இடத்தில் இன்னொரு விமர்சகரைக் கொண்டுவருவது பொருத்தம். ஏ.சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட நூலில், அடிபட்ட மேலாண்மை உணர்வும் பிறர் மீது அதிகாரத்தை உணரும் வேட்கையுமே இயாகோவைச் செலுத்துவதாக வாதிட்டார். பெயரை உதிர்த்துவிட்டுப் போவதில் பயனில்லை. கோல்ரிட்ஜ் வெற்றிடம் கண்ட இடத்தில் பிராட்லி ஒரு காரணத்தை வைக்கிறார் என்று காட்டி, ஐந்தாம் அங்கச் சான்று இருவரில் யார் பக்கம் சாய்கிறது என்று சொன்னால்தான் மேற்கோள் வேலை செய்யும்.

இவ்வளவும் கைவசம் இருந்தால், விடையின் முதல் பத்தியிலேயே நிலைப்பாட்டை இப்படி வைக்கலாம்: ‘இயாகோ வெளியே சொல்லும் காரணங்கள் அவன் செயலின் அளவைத் தாங்கவில்லை என்பதில் கோல்ரிட்ஜ் சரி, ஆனால் அடியில் ஒன்றுமில்லை என்பதைக் கடைசி அங்கங்கள் ஏற்கவிடவில்லை.’ ‘ஓரளவு ஏற்கிறேன்’ என்ற வழுவழுப்பான வரியிலிருந்து இது வேறுபடுவது, எந்த அளவு, எதில் என்று சொல்லிவிடுவதால்தான். அடுத்து வரும் ஒவ்வொரு பத்தியும் இந்த இரண்டில் ஒரு பாதியைப் பற்றியதாக இருந்துவிட்டால், கோல்ரிட்ஜின் வாழ்க்கை வரலாற்றுக்கோ கதைச்சுருக்கத்துக்கோ விடைத்தாளில் இடமிருக்காது.