பட்டுச் சேலையில் நீர்த்திட்டு விழாமல் இஸ்திரி போடுவது

பட்டு கருகிவிடுமோ என்று பயந்து இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைத்துவிட்டு, நீராவியை மட்டும் அப்படியே விட்டுவைத்தால் பெட்டியின் அடித்தட்டிலிருந்து தண்ணீர் சொட்டும். விலை உயர்ந்த சேலைகளில் திட்டு விழுவது பெரும்பாலும் இப்படித்தான். தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் நீராவியாக மாற, தட்டு நன்றாகக் கொதிக்கும் சூட்டில் இருக்க வேண்டும். இளஞ்சூட்டில் பாதித் தண்ணீர் ஆவியாகாமல் துளியாகவே துளை வழியே வெளியே வந்துவிடும். ஆகவே பட்டுக்கோ ஷிஃபானுக்கோ சூட்டைக் குறைக்கும்போது நீராவியையும் நிறுத்த வேண்டும்; தொட்டியைக் காலி செய்துவிடுவது இன்னும் நல்லது. பீய்ச்சும் பொத்தானில் கை படவே கூடாது.

ஆனால் ஈரமே இல்லாத இளஞ்சூட்டில் சுருக்கம் எளிதில் போகாது. பட்டு இழை கொஞ்சம் ஈரம் குடித்தால்தான் தளர்ந்து நீளும். சேலைக்கும் பெட்டிக்கும் நடுவே விரிக்கும் துணிக்கு இங்கேதான் வேலை. துளியாக விழ வேண்டிய ஈரத்தை அது பரவலாகப் பிரித்துத் தருகிறது. பெட்டி தவறிச் சொட்டினால் அந்தத் துளியைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. தட்டின் நேரடிச் சூடும் அழுத்தமும் பட்டின் மேல் விழாமலும் பார்த்துக்கொள்கிறது.

ஒரு துளி நல்ல தண்ணீர் ஏன் கறையாக வேண்டும்? பட்டு நூலின் மேல் இயற்கையாக இருக்கும் பசையைச் சோப்பும் சோடாவும் சேர்த்துக் கொதிக்கவைத்துத்தான் நீக்குகிறார்கள். அதில் கொஞ்சம் நூலிலேயே தங்கிவிடலாம். தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கத் தடவிய கஞ்சியும், விறைப்புக்காகப் பிறகு சேர்த்த பூச்சும், கெட்டியாகப் பிடிக்காத சாயமும் அதோடு சேர்ந்திருக்கும். துளி விழுந்த இடத்தில் இவையெல்லாம் கரைந்து ஓரத்தை நோக்கி நகரும். ஓரம் முதலில் காய்வதால் கரைந்தவை அங்கேயே படிந்துவிடும். மேசையில் காப்பித் துளி காய்ந்த இடத்தில் விளிம்பு மட்டும் அடர்ந்து தெரிவதும் இதனால்தான். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீராக இருந்தால் அதன் உப்பும் சேர்ந்து வெளுப்பாகத் தெரியும். அந்த ஈரத்தின் மேலேயே பெட்டியை வைத்துக் காயவைக்கப் பார்த்தால் வளையம் இன்னும் கெட்டியாகும்.

ஷிஃபான் என்ற பெயரில் கடையில் கிடைப்பது இரண்டு வகை. அசல் பட்டு ஷிஃபானில் நூலை மிக அதிகமாக முறுக்கி நெய்திருப்பார்கள். தண்ணீர் பட்டால் அந்த முறுக்கு இறுகி, பட்ட இடம் மட்டும் சுருங்கிக் கொப்புளம் போல எழும். இன்று பரவலாக விற்கும் பாலியெஸ்டர் ஷிஃபான் தண்ணீருக்கு அவ்வளவாக அஞ்சாது, சூட்டுக்குத்தான் அஞ்சும். சூடு கூடினால் முதலில் பளபளவென்று ஒரு தடம் விழும், பிறகு அந்த இடம் விறைக்கும். அதை எந்த வழியிலும் திருப்ப முடியாது. எது எந்த வகை என்று தெரியாவிட்டால் சேலையின் உள்முனை ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டலாம். பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சுவது விரலில் நசுங்கிப் பொடியாகும் சாம்பல். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் நசுங்காத குண்டுமணியாக நிற்கும்.

இஸ்திரிப் பெட்டிக் குமிழிலும் துணியின் துண்டுச் சீட்டிலும் உள்ள புள்ளிகள் சூட்டின் அளவு. ஒரு புள்ளி என்றால் தட்டின் சூடு 110 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. இரண்டு புள்ளிக்கு 150, மூன்றுக்கு 200. ஷிஃபான் எதுவானாலும் ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கனமான பட்டுக்கு ஒன்றில் தொடங்கி, சுருக்கம் போகவில்லை என்றால் மட்டும் இரண்டை நோக்கி மெல்ல ஏற்றலாம். பருத்தித் துணிகளைத் தேய்த்த கையோடு குமிழைத் திருப்பிவிட்டுப் பட்டை எடுப்பது ஆபத்து. தட்டு ஆறுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அதனால் இளஞ்சூட்டுத் துணிகளை முதலில் முடித்துவிடுவதே நல்லது. கரிப் பெட்டியில் குமிழே கிடையாது. தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் பட்டைக் கொடுப்பதானால், தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

நடுவில் விரிக்கும் துணி வெள்ளையாக, கஞ்சி போடாததாக, பலமுறை துவைத்து மெலிந்ததாக இருக்க வேண்டும். பழைய மல் வேட்டியின் ஒரு துண்டு இதற்குப் பொருத்தம். சாயத் துணியாக இருந்தால் நிறம் இறங்கும். கஞ்சித் துணியாக இருந்தால் சூட்டில் கஞ்சி பழுத்துத் தட்டிலும் சேலையிலும் ஒட்டும். டர்க்கி டவல் தன் முடிச்சுகளைப் பட்டில் பதித்துவிடும்.

கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டிய காஞ்சிபுரம் சேலையை எடுத்துக்கொள்ளலாம். முதலில் வியர்வை ஆற நிழலில் சில மணி நேரம் காற்றாட விட வேண்டும். வியர்வையும் குங்குமமும் உள்ள இடத்தில் சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். மேசையில் கம்பளம் மடித்துப் போட்டு, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, சேலையின் உள்புறம் மேலே வரும்படி ஒற்றை மடிப்பாகப் பரப்ப வேண்டும். இடுப்பில் செருகும் உள்முனையில் ஓர் அங்குலம் தேய்த்துப் பார்த்துவிட்டே மேலே போகலாம். மல் துணியை நனைத்துப் பிழிந்து, காய்ந்த துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்தால் கைக்குக் குளிர்ச்சி மட்டும் தெரியும், ஈரம் ஒட்டாது. அதுதான் சரியான பதம். அதைக் கொசுவம் விழுந்த சுருக்கத்தின் மேல் விரித்து, பெட்டியைச் சில நொடி வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் துணி கோணும். ஷிஃபானில் இது உடனே தெரியும், மூலைவாட்டில் இழுபட்டால் ஓரம் நெளிந்துவிடும்.

ஒவ்வோர் இடத்திலும் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். கீழே பட்டின் நிறம் ஒரு சாயல் அடர்ந்திருந்தால் ஈரம் அதிகம். மேலே விரித்த துணி லேசாகப் பழுப்பேறினால் சூடு அதிகம். இந்த இரண்டையும் சேலையில் தெரிவதற்கு முன்பே துணி காட்டிக்கொடுத்துவிடும்.

ஜரிகைக் கரைக்கும் முந்தானைக்கும் ஈரத் துணி வேண்டாம். காய்ந்த துணியே போதும். வெள்ளி கலந்த ஜரிகை ஈரச் சூட்டில் கறுக்கலாம். பிளாஸ்டிக் இழை ஜரிகையோ சுருண்டு, கரையையே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேய்த்து முடித்ததும் உடனே மடிக்கக் கூடாது. சூடும் மிச்ச ஈரமும் போகும்வரை தொங்கவிடாவிட்டால் மடிப்புக் கோடு அழுத்தமாகப் பதியும்.

இவ்வளவுக்கும் மீறி ஒரு துளி விழுந்துவிட்டால், அதைத் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து உள்ளே ஒற்றி எடுத்து, காற்றில் காய விட வேண்டும். காய்ந்த பிறகு வளையம் மங்கலாக இருந்தால், அதே சேலையின் இன்னொரு பகுதியை அதன் மேல் வைத்து மென்மையாக உரசினால் சில சமயம் போய்விடும். போகாவிட்டால் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவிக்கு ஓரடி மேலே அந்தப் பகுதி முழுவதையும் அசைத்துக் காட்டி, ஈரத்தைச் சீராகப் பரவவிட்டு, மறுபடி காயவைக்கலாம். கரைந்து ஓரத்தில் சேர்ந்தது மறுபடி கலைந்து பரவ இது உதவும். கரையின் சிவப்பு உடலின் மஞ்சளுக்குள் இறங்கியிருந்தால் இந்த வழிகள் எடுபடாது. அதை டிரை கிளீனிங் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். விழுந்தது தண்ணீர்தான் என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். எண்ணெய்க் கறைக்குப் போடும் கரைப்பான் தண்ணீர்த் திட்டை அசைக்காது.