பதில் முந்தி, கேள்வி பிந்தி!

உங்கள் வகுப்புத் தோழர்கள் சேர்ந்து கைப்பேசியில் ஓர் அரட்டைக் குழு வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். தேர்வுக்கு முந்திய நாள் மாலை அதில் நடக்கும் உரையாடல் இது.

மலர்: நாளை வேதியியல் தேர்வு உண்டா?
கண்ணன்: இல்லை.
மலர்: கணக்கு?
கண்ணன்: உண்டு.

இந்த நான்கில் இரண்டாவது செய்தி மட்டும் வழியில் தாமதப்பட்டு, கடைசியாக உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. இப்போது திரையில் என்ன தெரியும்? "வேதியியல் தேர்வு உண்டா? கணக்கு? உண்டு. இல்லை." வேதியியல் உண்டு, கணக்கு இல்லை என்றுதானே படிப்பீர்கள்? ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனால் பொருள் தலைகீழ்!

இந்தத் தாமதம் எப்படி நேர்கிறது? ஒரே இணைப்பின் வழியாக வரும் செய்திகள் பெரும்பாலும் வரிசையாகவே வரும். சிக்கல், வழிகள் இரண்டாகும்போதுதான். கைப்பேசி உங்கள் சட்டைப்பையில் உறங்கும்போது, அரட்டைச் செயலியின் சர்வர் தன் அறிவிப்பை கூகுள் அல்லது ஆப்பிள் நிறுவனத்தின் அறிவிப்புச் சேவையிடம் கொடுத்தனுப்புகிறது. அவ்விரு சேவைகளும் வரிசைக்கு உறுதி தருவதில்லை. நீங்கள் செயலியைத் திறந்ததும் அது சர்வருடன் நேரடியாகவே இணைந்துவிடுகிறது. "இல்லை" என்னும் செய்தி சுற்றுவழியில் காத்துக்கிடக்க, அதற்குப் பின் புறப்பட்டவை நேர்வழியில் முந்திக்கொள்கின்றன.

"ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பிய நேரத்தைக் குறித்து, அதன்படி அடுக்கினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் யாருடைய கடிகாரத்தின் நேரம்?

சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வு பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே, 86,400 நொடிகள் கொண்ட ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 நொடி வேறுபாடு வந்துவிடும். கைப்பேசிகள் வலைப்பின்னலைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன, உண்மை. ஆனால் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கையால் நேரம் வைப்பவர்களும் உண்டு. மலரின் கடிகாரம் 5 நொடி வேகம் என்று வையுங்கள். 7 மணி 30 நிமிடம் 10-ஆம் நொடியில் அவள் கேட்ட கேள்வியில் 15-ஆம் நொடி என்று பதிவாகும். கண்ணன் சரியான கடிகாரத்தில் 13-ஆம் நொடியில் பதில் சொன்னால், கேள்விக்கு 2 நொடி முன்பே பதில் பிறந்துவிட்டதாகப் பட்டியல் காட்டும்!

முன்பின் வரிசையை அறியக் கடிகாரமே தேவையில்லை, எண்ணிக்கை போதும் என்று 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்க அறிஞர் காட்டினார். அரட்டையில் இதன் எளிய வடிவம் வரிசை எண். எல்லாச் செய்திகளும் சர்வரைத் தொட்டுத்தானே செல்கின்றன? அது அந்தக் குழுவுக்கென ஒரே எண்ணியை வைத்துக்கொண்டு, வந்த வரிசைப்படி 41, 42, 43, 44 என்று முத்திரையிடுகிறது.

இனி உங்கள் கைப்பேசியின் வேலை எளிது. 41 வந்துவிட்டது, அடுத்து 42 வரவேண்டும். வருவதோ 43. உடனே காட்டாமல் அதைக் கையில் வைத்துக்கொள்கிறது. 44-ம் அப்படியே. ஓரிரு நொடியில் 42 வராவிட்டால், "42 எங்கே?" என்று சர்வரையே கேட்டு வாங்கி, மூன்றையும் வரிசையாகக் காட்டுகிறது. பிறகு சுற்றுவழியில் 42 மறுபடி ஆடி அசைந்து வந்தால், அந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டதால் தள்ளிவிடுகிறது. கண்ணன் 42-ஐ அழித்துவிட்டிருந்தாலோ, "அந்த எண் காலி" என்று சர்வர் பதில் சொல்லியாக வேண்டும். இல்லையேல் கைப்பேசி காத்துக்கொண்டே இருக்கும்.

எல்லா அறிவிப்புக்கும் இப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. "படிக்காதவை 7" என்பது போன்ற அறிவிப்பில் கடைசி நிலைதான் முக்கியம். பெரிய எண்ணுள்ளதை வைத்துக்கொண்டு, பிந்தி வரும் சிறிய எண்ணுள்ளதை எறிந்துவிடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: வரிசை எண் சொல்வது சர்வரை அடைந்த வரிசையைத்தான், தட்டச்சு செய்த வரிசையை அன்று. சிக்னல் இல்லாத பேருந்தில் மலர் எழுதியது, அரை மணி கழித்துச் சர்வரை அடைந்தால் அந்த இடத்துக்குரிய எண்ணையே பெறும். அதனால்தான் நல்ல செயலிகள் அடுக்குவதற்கு எண்ணையும், நாம் பார்ப்பதற்கு நேரத்தையும் ஒருங்கே வைத்துக்கொள்கின்றன.

நீங்களே நிரல் எழுதிப் பார்த்தால், 9 வரை ஒழுங்காக வந்த செய்திகளில் 10-ஆவது மட்டும் 2-க்கு முன்னால் போய் நிற்கக்கூடும். எண்களை எழுத்துகளாக ஒப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள்: அகராதி முறையில் முதல் எழுத்து 1, 2-க்கு முந்தியதல்லவா?