நெஞ்சுவலி மாத்திரையும் ஆறாத வாய்ப்புண்ணும்

ஏ.எஸ்.ராவ் நகர்வாழ் நம் குடும்பங்களில், நெஞ்சுவலிக்காக நிக்கோராண்டில் மாத்திரை உட்கொள்ளும் பெரியோர் இருக்கலாம். அது வேலை செய்யும் விதத்தையும், அதனால் நேரக்கூடிய தொல்லை ஒன்றையும் நாம் அறிந்திருத்தல் நன்று.

இரத்தக் குழாயின் சுவரில் தசை உண்டு. அத்தசையின் உயிரணுக்களுக்குள் கால்சியம் புகுந்தால் தசை இறுகும், குழாய் குறுகும். நிக்கோராண்டில் அவ்வணுக்களின் பொட்டாசிய வாயில்களைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேறவே, அணுவின் உட்புறத்து எதிர்மின்னிலை மிகுகிறது. உடனே கால்சிய வாயில்கள் மூடிக்கொள்கின்றன. தசை தளர்ந்து குழாய் விரிகிறது. நைட்ரேட்டு மருந்தின் குணமும் இதற்கு உண்டு. தலைமுடிக்குப் பூசும் மினாக்சிடிலும் பொட்டாசிய வாயிலைத் திறப்பதே. முதலில் அது கடும் இரத்த அழுத்தத்திற்குரிய மாத்திரையாகவே வந்தது.

முதியவர் ஒருவர் 10 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இருமுறை உட்கொள்வதாகக் கொள்வோம். அளவு 20 ஆக உயர்ந்த பின், நாவின் ஓரத்தில் ஆழ்ந்த புண் தோன்றுகிறது. களிம்பும் வைட்டமினும் பயன் தரவில்லை, உணவு இறங்கவில்லை, உடல் மெலிகிறது. புற்றுநோயோ என வீடே அஞ்சுகிறது. அவ்வாறன்று என்பதைச் சோதித்தே தெளிய வேண்டும். ஆயினும் இம்மாத்திரையே இத்தகைய புண்ணை உண்டாக்க வல்லது. குடலிலும் ஆசனவாயிலும்கூட உண்டாக்கும். மாத்திரையை நிறுத்தினாலன்றி அப்புண் ஆறுவது அரிது. நிறுத்தினால் சில வாரங்களில் ஆறத் தொடங்கும்.

எனினும் நாமாக நிறுத்தலாகாது, நெஞ்சுவலி மீளும். புண் காட்டச் செல்கையில் மாத்திரைச் சீட்டையும் உடன் கொண்டு செல்வோம். மாற்று மருந்தை இதய மருத்துவரே தேர்ந்தளிக்கட்டும்.