வராத நாற்காலிக்கு யார் சொந்தக்காரர்?

1881ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஹென்றி லீ ஹிக்கின்சன் என்ற செல்வந்தர் தன் சொந்தப் பணத்தில் ஒரு இசைக்குழுவைத் தொடங்கினார். இன்று பாஸ்டன் சிம்ஃபனி என்று உலகம் அறிந்த குழு அதுதான். முதல் பருவத்துக்கு அவர் வைத்த விலைப்பட்டியல் எளிமையானது. அக்டோபர் முதல் மார்ச் வரை 20 கச்சேரிகள். தனி டிக்கெட், இடத்தைப் பொறுத்து 75 சென்ட் அல்லது 25 சென்ட். பருவம் முழுவதற்குமான சீசன் டிக்கெட் 10 டாலர் அல்லது 5 டாலர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 சென்ட் இடத்தை இருபது தடவை தனித்தனியாக வாங்கினால் 15 டாலர் ஆகும். சீசன் டிக்கெட்டில் அது 10 டாலர், நல்ல தள்ளுபடி. ஆனால் 25 சென்ட் இடம்? இருபது தடவைக்கு 5 டாலர். சீசன் டிக்கெட்டும் அதே 5 டாலர். ஒரு சென்ட்கூட மிச்சமில்லை. அப்படியும் அதை வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்? ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நாற்காலி தனக்குக் காத்திருக்கும் என்ற உறுதிக்கு. பிற்பாடு கிராக்கி ஏறியபோது சீசன் டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். அடிப்படை விலைக்கு மேல் தனியாக ஒரு தொகை கொடுத்து நாற்காலியைப் பிடித்தார்கள் பாஸ்டன்காரர்கள்.

அந்த நாளிலிருந்து இன்றுவரை சீசன் டிக்கெட்டின் வில்லங்கமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. நாற்காலி உங்களுடையது என்றால், நீங்கள் வராத இரவில் அது யாருடையது? மார்கழியில் சென்னை சபா வாசலில் தின டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றுவிட்டு, உள்ளே போனதும் முன்வரிசையில் ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இதற்கு விரிவாக விதி எழுதி வைத்திருப்பவை அமெரிக்க, ஐரோப்பிய இசைக்குழுக்கள். அந்த விதிகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில், இன்னொருவருக்குக் கொடுப்பது. காகித டிக்கெட் காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கையில் கொடுத்தால் முடிந்தது. இப்போது டிக்கெட் கைபேசியில் இருக்கும் ஒரு பார்கோடு. பெரும்பாலான அரங்குகளின் கணக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இரவின் டிக்கெட்டை மட்டும் நண்பரின் மின்னஞ்சலுக்கு மாற்றிவிட முடியும். அவர் ஏற்றுக்கொண்டதும் அவர் பெயரில் புதிய பார்கோடு பிறக்கும், உங்களுடையது செத்துவிடும். குழப்பம் வருவது, மாற்றாமல் பார்கோடைப் படமெடுத்து அனுப்புகிறவர்களால்தான். அந்தப் படத்தை அனுப்பிய பிறகு நீங்களே வேறு தேதிக்கு மாற்றினாலோ, தொலைந்துவிட்டதென்று மறுபடி அச்சிடச் சொன்னாலோ, நண்பர் வாசலில் சிவப்பு விளக்கைப் பார்ப்பார். மாற்றம் சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, உங்கள் கணக்கில் அந்த டிக்கெட் ‘அனுப்பப்பட்டது’ என்ற நிலையில் இருக்கிறதா, ‘ஏற்கப்பட்டது’ என்று மாறிவிட்டதா எனப் பார்ப்பது. ஏற்கப்படாத டிக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஏற்றபின் அது அவருடையது.

டிக்கெட் கை மாறும். அடுத்த ஆண்டு அதே நாற்காலியைப் புதுப்பிக்கும் உரிமை பொதுவாகக் கை மாறாது; அது முதலில் வாங்கியவரின் கணக்கோடுதான் இருக்கும். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் சீசன் சந்தாவுக்கான காத்திருப்பு வருடக்கணக்கில் நீள்வது பிரசித்தம். அப்படிப்பட்ட இடங்களில் சந்தா என்பது பாட்டன் சொத்துப் போலவே பார்க்கப்படுகிறது. அதனால்தான் டிக்கெட்டைக் கொடுப்பதில் தாராளமாக இருக்கும் நிர்வாகங்கள், பெயரை மாற்றித் தரச் சொன்னால் மட்டும் முகம் இறுகுகின்றன.

இரண்டாவது வழி, தேதியை மாற்றிக்கொள்வது. சந்தாதாரருக்கு மட்டும் கிடைக்கும் பெரிய சலுகை இதுதான் என்பது என் எண்ணம். தள்ளுபடியைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். தனி டிக்கெட் வாங்கியவருக்குப் பல அரங்குகள் இதைத் தருவதில்லை, தந்தாலும் கட்டணம் பிடிக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆறு கச்சேரிகள் கொண்ட ஒரு தொடர். தனியாக வாங்கினால் ஒவ்வொன்றும் 80 டாலர், மொத்தம் 480. சீசன் டிக்கெட்டாக வாங்கும்போது 384 டாலர். அதாவது ஒரு இரவுக்கு 64. பிப்ரவரி கச்சேரிக்குப் போக முடியாத ஒருவர், மே மாதம் வரும் பெயர்பெற்ற வயலின் கலைஞரின் கச்சேரிக்கு அதை மாற்ற விரும்புகிறார். அதன் விலை 110 டாலர். அவர் எவ்வளவு சேர்த்துக் கட்ட வேண்டும்?

அவர் கையில் இருப்பது 80 டாலர் டிக்கெட் என்று நிர்வாகம் எடுத்துக்கொண்டால் 30 டாலர் போதும். அவர் உண்மையில் கொடுத்தது 64தான் என்று கணக்கிட்டால் 46 டாலர். இரண்டு வழக்கமும் உண்டு. எது என்பது விதிமுறையில் எங்கோ ஒரு வரியில் இருக்கும். அதோடு, கிராக்கிக்கேற்ப விலையை ஏற்றி இறக்கும் முறை இப்போது பல அரங்குகளில் வந்துவிட்டது. சந்தா வாங்கிய நாளில் 110 ஆக இருந்த மே கச்சேரி, அவர் மாற்றப் போகும் நாளில் 140 ஆகியிருக்கலாம். மாற்றும் நாளின் விலைதான் செல்லும். மறுபக்கம், அவர் 50 டாலர் கச்சேரிக்கு மாற்றினால் மிச்சத்தைக் காசாகத் தரும் அரங்கு அரிது. சில இடங்களில் அது கணக்கில் வரவாக நிற்கும், சில இடங்களில் நன்கொடையாகிவிடும், சில இடங்களில் ஆவியாகிவிடும்.

இந்தத் தலைவலியே இல்லாத மாற்றம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியை ஒரு வாரத்தில் மூன்று நான்கு தடவை வாசிக்கும்: வியாழன் இரவு, வெள்ளி, சனி என்று. சனிக்கிழமை முடியாதென்றால் அதே வாரம் வியாழனுக்குப் போய்விடலாம். அதே இசை, அநேகமாக அதே விலை. நாற்காலி மட்டும் வேறு. தொடரை வேறொரு மாதத்துக்கு இழுப்பதற்கு முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. கச்சேரிக்கு ஒரு நாள் முன்போ இரண்டு நாள் முன்போ சொல்லியாக வேண்டும் என்பது வழக்கம். காரணம் வெளிப்படையானது: நீங்கள் விட்டுக்கொடுத்த நாற்காலியை நிர்வாகம் மறுபடி விற்க அவகாசம் வேண்டும். மறுநாள் காலை ‘நேற்று வர முடியவில்லை’ என்று தொலைபேசியில் அழைத்தால் கிடைப்பது அனுதாபம் மட்டுமே. நடந்து முடிந்த கச்சேரியின் டிக்கெட்டுக்கு மதிப்பு பூஜ்யம். உடல்நிலை, பனிப்புயல், விமானத் தாமதம் எதுவும் தானாக விதியை வளைக்காது; கவுண்டரில் இருப்பவரின் மனசு வளைந்தால் உண்டு. முக்கியக் கலைஞர் மாறிவிட்டார் என்பதும் ரத்து ஆகாது. நீங்கள் அந்தப் பியானோ கலைஞருக்காகவே வாங்கியிருந்தாலும், வேறொருவர் வந்து வாசித்தால் கச்சேரி நடந்ததாகவே கணக்கு.

மாற்ற வேறு தேதியும் இல்லை, கொடுக்க ஆளும் இல்லை என்றால் மூன்றாவது வழி, டிக்கெட்டை இசைக்குழுவுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது. அமெரிக்காவில் பெரும்பாலான இசைக்குழுக்கள் லாப நோக்கமற்ற அமைப்புகள். ஆகவே மறுவிற்பனைக்குத் திருப்பிக் கொடுத்த டிக்கெட் நன்கொடையாகக் கருதப்படும், ரசீது தருவார்கள். வெறுமனே வராமல் இருந்துவிட்டு அதை நன்கொடை என்று வருமான வரியில் காட்ட முடியாது என்று அந்நாட்டு வரித்துறை தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நன்கொடைகளைத் தனித்தனியே பட்டியலிட்டு வரி கட்டுகிறவருக்குத்தான் இந்த ரசீதால் பயன், இன்று பெரும்பாலோர் அப்படிக் கட்டுவதில்லை. இருந்தாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்பார்.

இதுவரை பேசியது ரசிகர் வராத இரவைப் பற்றி. கச்சேரியே நடக்காமல் போனால்? 2020 மார்ச்சில் உலகெங்கும் அரங்குகள் மூடப்பட்டபோது இந்தக் கேள்வி ஒரே வாரத்தில் எல்லா இசைக்குழுக்களின் தலையிலும் விழுந்தது. பலரும் அனுப்பிய கடிதத்தில் மூன்று வாய்ப்புகள் இருந்தன: டிக்கெட்டை நன்கொடையாக விட்டுவிடுங்கள், அல்லது பின்வரும் கச்சேரிக்கு வரவாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பணத்தைத் திரும்பப் பெறுங்கள். நன்கொடை முதலிலும் பணம் கடைசியிலும் இருந்ததற்குக் கணக்குப் புத்தகம்தான் காரணம். நீங்கள் கட்டிய 384 டாலர் இசைக்குழுவின் வருமானமாக உடனே ஏறுவதில்லை. அது கடன். ஒவ்வொரு கச்சேரி முடியும்போதும் 64 டாலர் கடனிலிருந்து வருமானத்துக்கு நகரும். கச்சேரி நின்றுபோனால் அந்த 64 கடனாகவே நிற்கும். திருப்பிக் கொடுத்தால் ரொக்கம் போய்விடும். வரவாக வைத்தால் ரொக்கம் தங்கும், கடனும் தங்கும். நன்கொடை என்றால் கடன் அந்த நிமிடமே வருமானமாகிவிடும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: திரும்பக் கிடைப்பது 64தான், 80 அல்ல.

ஜெர்மனி இதைச் சட்டமாகவே எழுதியது. 2020 மே மாதம் வந்த அந்தச் சட்டப்படி, மார்ச் 8க்கு முன் வாங்கிய டிக்கெட்டுகளுக்கு, தொற்றினால் நிகழ்ச்சி நின்றிருந்தால் ஏற்பாட்டாளர் பணத்துக்குப் பதில் கூப்பன் தரலாம். டிக்கெட் விலையோடு முன்பதிவுக் கட்டணமும் அதில் சேர வேண்டும். தொடரில் சில இரவுகள் மட்டுமே நின்றிருந்தால் அந்தப் பங்குக்குக் கூப்பன். அது ஒரு குறிப்பிட்ட கச்சேரிக்கான சீட்டு அல்ல, தொகைக்கான சீட்டு. ஆகவே அதே ஏற்பாட்டாளரின் வேறு நிகழ்ச்சிக்கும் செல்லும். வாடகை, மின்கட்டணம்கூடக் கட்ட முடியாத நிலையில் இருப்பவர் பணமாகவே கேட்கலாம். 2021 டிசம்பர் 31 வரை பயன்படுத்தாத கூப்பனையும் பணமாக மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதிதான் அதன் உயிர். சாதாரண நாட்களில் அரங்குகள் தரும் வரவுகளில் அநேகமாக இது இருக்காது. பருவம் முடியும்போது வரவும் முடிந்துவிடும், பணமாகவும் வராது, சிறப்புக் கச்சேரிகளுக்குச் செல்லாது என்ற வரியும் சேர்ந்திருக்கும்.

இன்னொரு கோணமும் உண்டு. கணக்கில் நிற்கும் வரவு என்பது, ஈடு எதுவும் இல்லாமல் நீங்கள் இசைக்குழுவுக்குக் கொடுத்திருக்கும் கைமாற்று. ஃபிலடெல்ஃபியா இசைக்குழு 2011இல் திவால் பாதுகாப்பு கேட்டபோது மறுசீரமைப்புதான் நோக்கம்; கச்சேரிகள் நிற்கவில்லை. சான் அன்டோனியோ சிம்ஃபனி 2022 ஜூனில் போனது கலைப்புக்கான திவாலுக்கு. அப்படிக் கலையும் அமைப்பிடம் வரவு வைத்திருப்பவர், மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். எனவே வரவு கிடைத்தால் அடுத்த பெரிய கலைஞர் வரட்டும் என்று சேர்த்து வைக்காமல், கைக்கெட்டும் முதல் நல்ல கச்சேரிக்கோ அடுத்த பருவச் சந்தாவைப் புதுப்பிக்கவோ செலவழித்துவிடுவது மேல். புதுப்பிக்கும்போது பழைய வரவு தானாகக் கழியும் என்று நம்பிவிட வேண்டாம். பில்லில் அந்தத் தொகை தனி வரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.